இறப்புச் சான்றிதழ்: ஆஸ்பத்திரிக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் நடுவில்

"அண்ணாச்சி, அப்பா இறந்து இன்றோடு 24 நாள் ஆகிறது. பாளையங்கோட்டையில் தனியார் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொன்னதால் அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் கிராமத்துக்குக் கொண்டு வந்தோம். அன்று இரவு 12.40-க்கு வீட்டில்தான் உயிர் போனது. இப்போது வி.ஏ.ஓ., ஆஸ்பத்திரியில் வாங்கச் சொல்கிறார். ஆஸ்பத்திரியில், எங்களிடம் இறக்கவில்லை என்கிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். பென்ஷன் அம்மாவுக்கு மாற வேண்டும், இரண்டு பேங்க் கணக்கு, கொஞ்சம் வயல் இருக்கிறது. அப்பா பெயர் ஒவ்வொரு பேப்பரிலும் ஒவ்வொரு மாதிரி. எத்தனை காப்பி வாங்க வேண்டும்?"

தம்பி, பதிய வேண்டியவர் உங்கள் வி.ஏ.ஓ.தான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அன்று முதல் அதன் அடிப்படை ஒன்றுதான்: உயிர் எந்த எல்லைக்குள் போனதோ, அந்த எல்லையின் பதிவாளரிடம் பதிய வேண்டும். சிகிச்சை எங்கே நடந்தது, ரேஷன் கார்டு எந்த ஊரில் என்பதெல்லாம் இதற்குக் கணக்கில்லை. ஊராட்சிக் கிராமங்களுக்கு வி.ஏ.ஓ.தான் பதிவாளர். பாளையங்கோட்டை மாநகராட்சி எல்லை என்பதால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிர் போயிருந்தால் ஆஸ்பத்திரியே தகவல் கொடுத்து, மாநகராட்சியில் பதிந்திருப்பார்கள். வழியில் ஆம்புலன்ஸிலேயே போயிருந்தால், வண்டி முதலில் நின்ற இடத்தில் சொல்ல வேண்டும் என்று விதி தனியாகவே இருக்கிறது. உங்களுக்கு இரண்டும் இல்லை. வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே கொண்டு வந்த பிறகு போன உயிர் அது.

வி.ஏ.ஓ. ஏன் தயங்குகிறார் என்பது எனக்குத் தெரியும். நானும் அந்த நாற்காலியில் 19 வருஷம் உட்கார்ந்தவன். அவருக்குள்ள பயம் இரட்டைப் பதிவு. நோயாளியை வீட்டுக்கு அனுப்பிய ஆஸ்பத்திரி, தன் கணக்கை முடிக்க இறப்பு என்றே எழுதித் தகவல் அனுப்பிவிடுவது உண்டு. அப்புறம் வீட்டாரும் கிராமத்தில் பதிந்துவிடுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, இரண்டு தேதி. வாரிசு விசாரணையில் அது வெளியே வரும்போது எந்த அலுவலகமும் எந்தச் சான்றையும் நம்பாது. அதனால் முதலில் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவுக்குப் போய், அப்பாவின் கேஸ் எப்படி முடிக்கப்பட்டது என்று கேளுங்கள். வெளியேற்றக் குறிப்பில் தேதியும் நேரமும் இருக்கும். "உறவினர் விருப்பத்தின் பேரில்" என்றோ, "மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக" என்றோ இருந்தால் அதுவே உங்களுக்குச் சாதகமான பேப்பர். அவர் அங்கிருந்து உயிரோடு கிளம்பினார் என்பதை அது காட்டுகிறது. அதையும் ஆம்புலன்ஸ் ரசீதையும் வி.ஏ.ஓ. முன்னால் வைத்தால் தயக்கம் பெரும்பாலும் போய்விடும்.

இன்னொரு பேப்பரும் கேளுங்கள். இறந்தவரின் கடைசி நோய்க்குச் சிகிச்சை பார்த்த மருத்துவர், இறப்புக்கான காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும், அதற்குப் பணம் வாங்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது. ஆஸ்பத்திரியில் நடந்த இறப்புக்கு அது படிவம் 4, வெளியே நடந்ததற்குப் படிவம் 4ஏ. உங்கள் ஊரில் அப்பாவுக்கு ஊசி போட்டுவந்த டாக்டர் இருந்தால் 4ஏ அவரிடமே வாங்கலாம். "காரணம் சான்றிதழில் வந்துவிடுமோ" என்று சிலர் யோசிப்பார்கள். வராது. உங்களுக்குத் தரும் சான்றிதழில் காரணத்தைக் காட்டக்கூடாது என்பதும் சட்டத்திலேயே உண்டு. ஆனால் இன்சூரன்ஸ் ஏதாவது இருந்தால் அவர்கள் காரணம் கேட்பார்கள். அதனால் கொடுக்கும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் இவ்வளவும் இல்லையென்றால் வி.ஏ.ஓ. பதிய மாட்டார் என்று அர்த்தமில்லை. கிராமத்தில் வீட்டில் நடக்கும் இறப்புகளில் பாதிக்கு மேல் டாக்டர் பேப்பரே இருக்காது. வீட்டார் வாக்குமூலம், அக்கம்பக்கத்தார் இருவரின் சாட்சி, தலையாரி விசாரித்துச் சொன்னது, இவற்றை வைத்துத்தான் நாங்கள் எழுதினோம்.

நாள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 21 நாளுக்குள் என்றால் கட்டணமே இல்லை. அது தாண்டிவிட்டது. ஆனால் 30 நாள் வரைக்கும் சிறு தாமதக் கட்டணத்தோடு பதிவாளரே பதிவார். உங்களுக்கு இன்னும் 6 நாள் இருக்கிறது. 30 தாண்டினால் மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும், கூடவே நீங்களே சான்றொப்பமிட்ட ஆவணமும். ஒரு வருஷம் தாண்டினால் வருவாய்க் கோட்ட அதிகாரியின் உத்தரவு வேண்டும். அம்பாசமுத்திரம் தாலுகாக்காரர்களுக்கு அது சேரன்மகாதேவி. அந்த வரிசையில் போய் நிற்பதற்கு வேலையில்லை, இந்த வாரமே முடியுங்கள்.

சரி, எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இனிமேல்தான். எல்லாரும் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு அதைப் படிக்கிறார்கள். படிக்க வேண்டியது வி.ஏ.ஓ. அதைக் கணினியில் ஏற்றும் முன்பு. தகவல் படிவம் 2-இல் நீங்கள் சொல்வதைத்தான் அவர் தட்டச்சு செய்கிறார். அங்கே எழுத்து ஒன்று தவறினால் கருவூலம், பேங்க், தாலுகா அலுவலகம் மூன்றிலும் அது தவறாகவே நிற்கும்.

அப்பா பெயர் ஆறுமுகநயினார் என்று வைத்துக்கொள்வோம், நம் பக்கத்துப் பெயர்தானே. பென்ஷன் புத்தகத்தில் "ப. ஆறுமுகநயினார்". ஆதாரில் "ஆறுமுக நயினார் பரமசிவன்", நடுவில் இடைவெளியோடு. பேங்க் பாஸ்புக்கில் யாரோ ஒரு கிளார்க் அவசரத்தில் "ஆறுமுகம் ப." என்று போட்டுவிட்டார். பட்டாவில் "பரமசிவன் மகன் ஆறுமுகநயினார்". எதைச் சொல்வது?

என் கணக்கு இது. 2023 திருத்தத்துக்குப் பிறகு இறந்தவரின் ஆதார் எண்ணையும் பதிவாளர் கேட்பார், வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகமும் ஆதாரையே பார்க்கிறது. அதனால் ஆதாரில் உள்ள பெயரை அப்படியே போடுங்கள். பென்ஷன் புத்தகத்தோடு உள்ள வித்தியாசம் இடைவெளியும் தந்தை பெயர் முதலெழுத்தும்தான், கருவூலத்தில் அதற்கு மல்லுக்கட்ட மாட்டார்கள். பாஸ்புக்கில் உள்ள "ஆறுமுகம்" வேறு கதை, அது வேறு பெயராகவே படும். அதற்குப் பதிவின்போதே "ஆறுமுக நயினார் என்கிற ஆறுமுகம்" என்று எழுத முடியுமா என்று பாஸ்புக்கைக் காட்டிக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் பெரிய தலைவலி போகும். நம் அலுவலகங்களில் அந்த "என்கிற"வுக்கு @ குறி போடுவார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால், இரண்டு பெயரும் ஒரே நபர் என்று நோட்டரி முன் அம்மா ஒரு பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் பேங்கில் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்து அம்மாவின் பெயர். சான்றிதழில் கணவன் அல்லது மனைவி பெயர் என்று ஒரு வரி வரும். அந்த வரிதான் குடும்ப ஓய்வூதியத்துக்கு உயிர். நான் பணியில் இருந்தபோது நானே இதில் சறுக்கியிருக்கிறேன். ஒரு வாத்தியார் இறந்துபோனார். மகள் வந்து, "அம்மா பேரு பேச்சி" என்று சொன்னாள், நானும் அப்படியே எழுதிவிட்டேன். பென்ஷன் உத்தரவில் "பேச்சியம்மாள்". ஊரில் எல்லாரும் பேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கும் அது உறைக்கவில்லை. அந்த அம்மா திருத்தம் வாங்க என்னிடமும் தாலுகாவுக்குமாக ஐந்து மாதம் நடந்தார்கள். அன்று முதல், தகவல் சொல்ல வருகிறவரிடம் "வாயால் சொல்லாதே, பேப்பரைக் காட்டு" என்பது என் பழக்கம் ஆகிவிட்டது. நீங்களும் வாயால் சொல்லாதீர்கள். பென்ஷன் புத்தகத்தையும் அம்மாவின் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டிலும் அம்மா பெயர் வேறு வேறாக இருந்தால், பென்ஷன் உத்தரவில் உள்ளதையே சான்றிதழில் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது தேதி. இரவு 12.40 என்றால் நம் ஊரில் முந்தின நாள் ராத்திரி என்றுதான் சொல்வோம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் முந்தின தேதியே போட்டிருப்பீர்கள். பதிவில் நடு இரவு 12 மணியைத் தாண்டினால் அடுத்த தேதி. இது சின்ன விஷயம் இல்லை. அப்பாவின் ஓய்வூதியம் இறந்த நாள் வரை, அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் அதற்கு மறுநாளிலிருந்து. டாக்டர் பேப்பரில் ஒரு தேதி, பதிவில் ஒரு தேதி என்று நின்றால் கருவூலம் இரண்டையும் திருப்பி அனுப்பும்.

சான்றிதழில் இரண்டு முகவரி வரும், இறந்தபோது இருந்த முகவரியும் நிரந்தர முகவரியும். உங்களுக்கு இரண்டும் ஒன்றே. கதவு எண்ணை மட்டும் ரேஷன் கார்டோடு ஒத்துப் பாருங்கள்.

தவறி ஏறிவிட்டால் திருத்தவே முடியாது என்றில்லை. எழுத்துப் பிழை என்று பதிவாளருக்குத் தெளிவாகத் தெரிந்தால் அவரே திருத்தலாம். பொருளே மாறுகிற பிழையாக இருந்தால், விவரம் தெரிந்த இருவரின் உறுதிமொழியோடு விண்ணப்பிக்க வேண்டும். பழைய பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் குறிப்பாகத் திருத்தம் ஏறும். பேச்சியம்மாள் விஷயம் அப்படித்தான் முடிந்தது.

தகவல் கொடுப்பவராக யார் கையெழுத்து போடுவது என்பதையும் யோசியுங்கள். பின்னால் ஏதாவது கேட்டால் அவரைத்தான் தேடுவார்கள். மும்பையிலோ துபாயிலோ இருக்கும் அண்ணன் வேண்டாம், ஊரில் இருப்பவர் போடட்டும். பதிந்ததும் தகவல் கொடுத்தவருக்கு ஒரு சான்றிதழ் இலவசமாகத் தர வேண்டும், அதை 7 நாளுக்குள் தர வேண்டும் என்ற கெடு 2023 திருத்தத்தில் சேர்ந்தது.

காப்பி எத்தனை என்றால், முன்பு மாதிரி பத்து காப்பிக்குப் பணம் கட்டி நிற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பதிவுகளுக்கு crstn.org தளத்தில், பதிவாளர் ஒப்புதல் கொடுத்த பிறகு சான்றிதழைத் தரவிறக்கிக்கொள்ளலாம். அதில் க்யூஆர் குறி இருக்கும், எத்தனை முறை அச்சடித்தாலும் அதே மூலம்தான். கலர் பிரிண்ட் ஆறு எடுத்து வையுங்கள். கருவூலம் ஒன்றை வைத்துக்கொள்ளும். பேங்கில் மூலத்தைப் பார்த்துவிட்டு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். "சீல் எங்கே" என்று கேட்கும் பழைய ஆட்கள் கவுண்டரில் இன்னும் இருக்கிறார்கள். செல்போனில் க்யூஆரை அவர்கள் கண் முன்னே ஸ்கேன் செய்து காட்டினால் சத்தம் அடங்கும். தரவிறக்கிய கோப்பை அம்மா போனில் மட்டும் வைக்காமல் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் முதல் வேலை பென்ஷன். அம்பாசமுத்திரம் சார் கருவூலத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். இறப்புச் சான்றிதழ், பென்ஷன் புத்தகம், அம்மாவின் ஆதார், போட்டோ, அம்மாவின் பெயரில் தனியாக உள்ள பாஸ்புக், இவ்வளவுதான் அடிப்படை. பென்ஷன் உத்தரவிலேயே அம்மாவின் பெயர் குடும்ப ஓய்வூதியர் என்று இருக்கும், அப்படியானால் இதற்கு வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. பலர் வாரிசுச் சான்றிதழ் வந்த பிறகுதான் கருவூலத்துக்குப் போக வேண்டும் என்று நினைத்து இரண்டு மாதம் வீணாக்குகிறார்கள். அதே மேஜையில் குடும்பப் பாதுகாப்பு நிதியையும் கேட்டுவிடுங்கள். மாநில அரசு ஓய்வூதியரிடம் மாதா மாதம் பிடித்த நிதி அது, இறந்தால் 50,000 ரூபாய் வரும். கேட்காவிட்டால் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள்.

வாரிசுச் சான்றிதழ் நிலத்துக்கும், நாமினி இல்லாத பேங்க் கணக்குக்கும் வேண்டும். இ-சேவை மையத்தில் REV-114 என்ற சேவை. விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். இங்கே ஒரு குழி உண்டு, அதில் விழாதவர் குறைவு. உங்கள் ஆச்சி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருக்கிறார்களா? இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. தந்தை அப்படி இல்லை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வயல் என்றால் அம்மா, ஆச்சி, நீங்கள், அண்ணன், தங்கை என்று ஐந்து பேர் இருந்தால் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. எண்பத்தைந்து வயதுக் கிழவி, எங்கே கையெழுத்துப் போடப் போகிறாள் என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு அத்தை ஒருத்தி வந்து "எங்கம்மா பங்கு எங்கே" என்று கேட்கும்போது பத்திரமே நிற்காது. கட்டிக்கொடுத்த பெண்ணையும், முன்னமே இறந்துபோன மகன் இருந்தால் அவர் மனைவி மக்களையும் விடக்கூடாது. வி.ஏ.ஓ. ஊரில் விசாரிக்க வருவார், யாரையாவது மறைத்தால் எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

பேங்க் எளிது, கணக்கில் நாமினி இருந்தால். நாமினியின் அடையாள அட்டையும் இறப்புச் சான்றிதழும் போதும். ஆனால் நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. மற்ற வாரிசுகளின் பங்கு அப்படியே நிற்கும். நாமினி இல்லாத கணக்கில் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம் கேட்பார்கள். "கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கிட்டு வா" என்று சொன்னால் தொகையைக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2025-இல் கொண்டுவந்த விதிப்படி வணிக வங்கியில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை அதெல்லாம் இல்லாமலே, எளிய முறையில் கொடுக்க வேண்டும், அதுவும் எல்லாப் பேப்பரும் வந்த 15 நாளுக்குள். உயிலோ தகராறோ இருந்தால் மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது.

அப்பாவின் ஏடிஎம் கார்டில் இதுவரை யாராவது பணம் எடுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள். அப்பா இறந்ததைக் கருவூலத்துக்கு இன்னும் சொல்லாததால், மாத முடிவில் முழுப் பென்ஷனும் அந்தக் கணக்கில் ஏறியிருக்கலாம். இறந்த தேதிக்குப் பிறகுள்ள நாட்களின் தொகை அரசுக்குத் திரும்பிப் போக வேண்டியது. அது கணக்கிலேயே இருந்தால் பேங்க் தானாக எடுத்துக்கொடுத்துவிடும். எடுத்துச் செலவழித்திருந்தால் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிப்பார்கள். அதனால் அம்மாவின் கணக்கில் முதல் மாதக் குடும்ப ஓய்வூதியம் ஏறிய பிறகு, அப்பாவின் பென்ஷன் கணக்கை மூடக் கொடுங்கள்.